காயில் கட்டுவதா, புது மோட்டார் வாங்குவதா: பம்ப் செட்டுக்கு ஒரு செலவுக் கணக்கு

பக்கத்துத் தோட்டக்காரர்கள் இருவர் தண்ணீர் விற்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் மணிக்கு 60 ரூபாய் கேட்கிறார், இன்னொருவர் 80 கேட்கிறார். முதல் போரில் மணிக்கு 10,000 லிட்டர் வருகிறது, இரண்டாவதில் 20,000 வருகிறது. ஒரு லட்சம் லிட்டர் எடுத்தால் முதல் இடத்தில் 600 ரூபாய் ஆகும், இரண்டாவது இடத்தில் 400 ரூபாய்தான். மணிக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டவர் 60 ரூபாய்க்காரரிடம் போவார்.

சொந்த மோட்டார் வைத்திருப்பவரையும் இந்த மணிக்கணக்கு இப்படித்தான் தவறான பக்கம் தள்ளிவிடுகிறது. மோட்டார் எரிந்துபோகிற ஒவ்வொரு முறையும் மெக்கானிக் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: காயில் கட்டிவிடலாமா, இல்லை புதுசு போட்டுவிடலாமா? பயிர் வாடிக்கொண்டிருக்கும், அன்றைக்கே முடிவெடுக்க வேண்டும். கையில் பணம் இருந்தால் புதுசு, இல்லாவிட்டால் காயில் என்று முடிந்துவிடுகிறது. இந்த முடிவை முன்கூட்டியே, நிதானமாக, எண்களை வைத்து எடுத்துவைத்திருக்க முடியும். அதற்கு மணிக்கு எவ்வளவு என்பதோடு நிற்காமல், ஏக்கருக்கு ஒரு தண்ணீர் கட்ட எவ்வளவு ஆகிறது என்பது வரைக்கும் கணக்கைக் கொண்டுபோக வேண்டும்.

விழுப்புரம் பக்கம் 3 ஏக்கரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். போரில் பழைய 7.5 எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார் இருக்கிறது. ஏற்கெனவே சில முறை காயில் கட்டியது. தண்ணீர் மண் வாய்க்காலில் ஓடி வயலுக்குப் போகிறது. இங்கே நான் போடுகிற விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டால் விடை கொஞ்சம் மாறும், வழி மாறாது.

முதலில் தண்ணீரை அளக்க வேண்டும்

200 லிட்டர் டிரம் ஒன்றும் செல்போனில் இருக்கிற நேரக்கணிப்பானும் போதும். மோட்டார் போட்டவுடன் அளக்கக் கூடாது. அப்போது போரில் மட்டம் மேலே இருக்கும், தண்ணீர் கூடுதலாகக் கொட்டும். அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, மட்டம் ஓரளவு நிலைத்த பிறகு குழாயை டிரம்முக்குத் திருப்பி, நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். மூன்று முறை அளந்து சராசரி எடுத்தால் போதும். நம் தோட்டத்தில் 50 நொடி ஆகிறது. அதாவது நொடிக்கு 4 லிட்டர், மணிக்கு 14,400 லிட்டர்.

அடுத்தது ஒரு ஏக்கருக்கு எவ்வளவு வேண்டும் என்பது. ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். அதில் 50 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டும் என்றால் 2 லட்சத்து 2 ஆயிரம் லிட்டர் வேண்டும். மல்லாட்டைக்கு ஒரு தண்ணீர் என்பதை இந்த அளவாக வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் பம்பில் கொட்டுகிற தண்ணீர் அவ்வளவும் வயலுக்குப் போய்ச் சேர்வதில்லை. மண் வாய்க்கால் குடிக்கிறது, எலி வளை குடிக்கிறது, கரையில் முளைத்திருக்கிற புல் குடிக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு வழியிலேயே போகிறது என்று வைத்தால், வயலில் 2 லட்சத்து 2 ஆயிரம் சேர பம்பு 2 லட்சத்து 52 ஆயிரம் லிட்டர் இறைக்க வேண்டும். 14,400ஆல் வகுத்தால் பதினேழரை மணி நேரம். இனி வருகிற கணக்கு எல்லாமே இந்தப் பதினேழரையைச் சுற்றித்தான். 3 ஏக்கருக்கும் இரண்டு போகத்துக்கும் சேர்த்து ஆண்டில் 19 தண்ணீர் என்றால் 57 ஏக்கர்-தண்ணீர், மோட்டார் ஓடுவது சுமார் 1,000 மணி நேரம்.

மின்சாரம்

தமிழ்நாட்டில் 1990 முதல் பம்ப் செட் விவசாயிகள் எல்லோருக்கும் மின்சாரம் இலவசம். பில் வருவதில்லை. அதனால் மோட்டார் எத்தனை யூனிட் இழுக்கிறது என்று பார்க்கிற பழக்கமே நம்மிடம் இல்லை. பில் இல்லாவிட்டாலும் பார்க்க வேண்டும் என்றுதான் சொல்வேன். மோட்டார் எவ்வளவு இழுத்து எவ்வளவு வேலை செய்கிறது என்பதுதான் அதன் உடல்நிலையைக் காட்டும்.

மீட்டர் இல்லாத இடத்தில் எலெக்ட்ரீசியனை வைத்து டாங் டெஸ்டரால் மூன்று பேஸிலும் ஆம்பியரையும் வோல்டேஜையும் அளக்கச் சொல்லுங்கள். நம் மோட்டாரில் 380 வோல்ட், 13 ஆம்பியர். மும்முனைக்கு 1.732 × வோல்ட் × ஆம்பியர் × 0.8 என்று பெருக்கி 1,000ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். இதில் 0.8 என்பது பவர் ஃபேக்டருக்கு நாம் எடுத்துக்கொள்கிற மதிப்பு. விடை 6.85. மணிக்கு 6.85 யூனிட்.

இதில் எவ்வளவு உண்மையாகத் தண்ணீரைத் தூக்கப் பயன்பட்டது? மோட்டார் ஓடும்போது நீர்மட்டம் 180 அடியில் இருக்கிறது, அதாவது 55 மீட்டர். குழாய் உராய்வுக்கு இன்னும் 5 மீட்டர் சேர்த்து 60. நொடிக்கு வருகிற லிட்டரை மீட்டரால் பெருக்கி 102ஆல் வகுத்தால் தண்ணீருக்குப் போன கிலோவாட் கிடைக்கும். 4 × 60 ÷ 102 = 2.35. உள்ளே போனது 6.85, பயன்பட்டது 2.35. நூற்றுக்கு 34 பங்கு. சரியாகப் பொருத்திய ஒரு நல்ல புது செட்டில் இது 50ஐ ஒட்டி இருக்கும்.

நீர்மட்டத்தை அளப்பதுதான் இதில் தொல்லையான வேலை. கல் கட்டிய கயிற்றைப் போருக்குள் விட்டால் கேபிளில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அடுத்த முறை மோட்டாரை இறக்கும்போது அரை அங்குலக் குழாய் ஒன்றைக் கூடவே கட்டி இறக்கிவிடுங்கள். அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் அதற்குள் கயிறு விட்டு அளக்கலாம்.

யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று வைத்தால் இந்த மோட்டாரின் மின்செலவு மணிக்கு 41 ரூபாய். இலவச இணைப்பு உள்ளவர் இங்கே பூஜ்யம் போட்டுக்கொள்ளலாம். நான் இரண்டையும் தனித்தனியாகக் காட்டுகிறேன், ஏனென்றால் முடிவு மாறுவதே இந்த இடத்தில்தான்.

பழுதுச் செலவை மணிக்குப் பிரிப்பது

இலவச மின்சாரம் இருக்கிற இடத்தில் மோட்டாரின் உண்மையான செலவு ரிப்பேர்தான். அதை யாரும் எழுதிவைப்பதில்லை. காயில் கட்டிய கூலி மட்டும் ஞாபகத்தில் இருக்கும். மோட்டாரை மேலே தூக்கி, திரும்ப இறக்குகிற வண்டிக்குக் கொடுத்தது, புஷ், திரஸ்ட் பேரிங் மாற்றியது, கேபிள் ஜாயின்ட் போட்டது எல்லாம் மறந்துபோகும். காயிலுக்கு 9,000, வண்டிக்கும் ஆளுக்கும் 4,000, உதிரிக்கு 2,000 என்றால் ஒருமுறை எரிந்தால் 15,000 ரூபாய். நம் மோட்டார் ஆண்டுக்கு ஒருமுறை எரிகிறது. ஸ்டார்ட்டர், கான்டாக்ட், ஃபியூஸ் வகையில் ஆண்டுக்கு இன்னும் 3,000. மொத்தம் 18,000. ஆயிரம் மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 18 ரூபாய்.

ஆக, பழைய மோட்டாருக்கு மின்சாரம் இல்லாமல் மணிக்கு 18, மின்சாரத்தோடு 59. ஏக்கருக்கு ஒரு தண்ணீர் என்றால் 315 ரூபாய் அல்லது சுமார் 1,030 ரூபாய்.

புதியது இரண்டு வகை

கடைக்குப் போனால் இரண்டு வழிகள் உண்டு. அதே தண்ணீரைக் குறைந்த மின்சாரத்தில் தருகிற 5 எச்.பி. ஒன்று. அதே 7.5 எச்.பி.யில் கூடுதல் தண்ணீர் தருகிற புது செட் இன்னொன்று.

5 எச்.பி. எப்படி 7.5க்கு ஈடாகும் என்று பலர் நம்ப மறுக்கிறார்கள். பெயர்ப்பலகையில் உள்ள எச்.பி. மோட்டாரின் அளவு, தண்ணீரின் அளவல்ல. 60 மீட்டருக்கு ஏற்ற ஸ்டேஜ்களோடு, நட்சத்திரக் குறியீடு பெற்ற ஒரு 5 எச்.பி. செட் மணிக்கு 4.8 யூனிட் இழுத்து நொடிக்கு 4 லிட்டர் தரும். நம் பழைய 7.5 இப்போது தருவதும் அதே 4 லிட்டர்தான். கடைக்காரரிடம் எச்.பி.யைச் சொல்லி வாங்காதீர்கள். "60 மீட்டரில் நொடிக்கு 4 லிட்டர் வேண்டும்" என்று கேட்டு, கம்பெனி அட்டவணையில் அந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். 100 மீட்டருக்கென்று செய்த பம்பை 60 மீட்டரில் போட்டால், அது தன் அளவுக்கு மீறித் தண்ணீர் தள்ளப் பார்த்து ஓவர்லோடு ஆகும். புது மோட்டார் ஒரு வருடத்திலேயே எரிந்தது என்று கேள்விப்படுகிற இடங்களில் இதையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

விலை 50,000, ஆயுள் 8 ஆண்டு என்று வைத்தால் ஆண்டுக்கு 6,250 தேய்மானம். போட்ட பணத்தின் சராசரிக்கு 10 சதவீத வட்டி 2,500. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எரியும் என்று வைத்து, புதிது என்பதால் ஸ்டார்ட்டர் செலவைக் கொஞ்சம் குறைத்துச் சேர்த்து ரிப்பேருக்கு ஆண்டுக்கு 7,000. மொத்தம் 15,750, மணிக்கு 16 ரூபாய்.

புது 7.5 எச்.பி. மணிக்கு 7.1 யூனிட் இழுத்து நொடிக்கு 6 லிட்டர் தரும். 60,000 ரூபாய் விலைக்கு இதே முறையில் கணக்குப் போட்டால் தேய்மானமும் வட்டியும் 10,500, ரிப்பேர் 7,500, மொத்தம் ஆண்டுக்கு 18,000. ஆனால் அதே 57 ஏக்கர்-தண்ணீரை அது 667 மணி நேரத்தில் முடித்துவிடும். அதனால் மணிக்கு 27 ரூபாய்.

| | பழைய 7.5 | புது 5 | புது 7.5 |
|---|---|---|---|
| மணிக்கு லிட்டர் | 14,400 | 14,400 | 21,600 |
| மணிக்குச் செலவு, மின்சாரம் இலவசம் | ரூ. 18 | ரூ. 16 | ரூ. 27 |
| மணிக்குச் செலவு, யூனிட் 6 ரூபாய் | ரூ. 59 | ரூ. 45 | ரூ. 70 |
| ஏக்கருக்கு மணி நேரம் | 17.5 | 17.5 | 11.7 |
| ஏக்கருக்கு, மின்சாரம் இலவசம் | ரூ. 315 | ரூ. 280 | ரூ. 316 |
| ஏக்கருக்கு, யூனிட் 6 ரூபாய் | ரூ. 1,030 | ரூ. 790 | ரூ. 820 |

மணிக்கணக்கில் பார்த்தால் மூன்றிலும் விலை கூடியது புது 7.5தான். ஏக்கருக்கு வந்தால் அது பழையதோடு சமமாகிவிடுகிறது, மின்சாரத்துக்குக் காசு கொடுக்கிற இடத்தில் 200 ரூபாய்க்கு மேல் மலிவாகவும் ஆகிறது.

மின்சாரத்துக்குக் காசு கட்டுகிறவருக்கு இங்கே குழப்பமே இல்லை, புதுசு போட வேண்டியதுதான். இலவச இணைப்பு உள்ளவருக்கு 315க்கும் 280க்கும் நடுவில் பெரிய வித்தியாசம் கிடையாது. அவருக்கு முடிவைச் சொல்வது மோட்டார் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை எரிகிறது என்பதுதான். புது 5 எச்.பி.யின் ஆண்டுச் செலவு 15,750. பழையதற்கு ஸ்டார்ட்டர் செலவு 3,000 போக மீதி 12,750. ஒருமுறை எரிந்தால் 15,000. இரண்டும் சமமாவது சுமார் 14 மாதத்துக்கு ஒருமுறை எரியும்போது. அதைவிடச் சீக்கிரம் எரிகிறது என்றால் புதுசு லாபம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் எரிகிறது என்றால், இலவச மின்சாரத்தில் காயில் கட்டுவதே மலிவு. அந்தக் கணக்கில் ஏக்கருக்கு 184 ரூபாய்தான் வரும். வேறு எதைக் குறித்துவைக்காவிட்டாலும், எரிந்த தேதியை ஸ்டார்ட்டர் பெட்டியின் உள்பக்கம் பெயின்ட்டால் எழுதிவையுங்கள்.

இந்தக் கணக்கில் வராத ஒன்று, மோட்டார் மேலே கிடக்கிற நாட்கள். பூவெடுத்து ஊசி இறங்குகிற நேரத்தில் ஒரு வாரம் தண்ணீர் இல்லாமல் போனால் மல்லாட்டையில் காய் பிடிப்பு விழுந்துவிடும். அந்த நஷ்டம் ஒரு காயில் செலவைப் பல மடங்கு தாண்டக்கூடும். சித்திரை வெயிலில் பயிர் வைத்திருப்பவர் 14 மாதம் என்பதை 18 மாதமாக வைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

எரிவதற்கும் தண்ணீர் குறைவதற்கும் காரணம் மோட்டார்தானா?

புதுசுக்குப் பணம் எடுத்துவைக்கும் முன்னால் இதைப் பார்த்துவிட வேண்டும். 34 பங்கு திறன் என்று கண்டுபிடித்தோமே, அது முழுவதும் மோட்டாரின் குற்றமாக இருக்க வேண்டியதில்லை. காலம் பைப்பில் எங்காவது ஓட்டை விழுந்திருந்தால், பம்பு தள்ளுகிற தண்ணீரில் ஒரு பங்கு போருக்குள்ளேயே திரும்ப விழும். ஆம்பியர் குறையாது, மேலே வருகிற தண்ணீர் மட்டும் குறையும். மோட்டாரை நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்துப் போட்டால் தண்ணீர் மேலே வர வழக்கத்தைவிட அதிக நேரம் எடுக்கும், ஏனென்றால் குழாயில் நின்றிருக்க வேண்டிய தண்ணீர் ஓட்டை வழியாக இறங்கியிருக்கும். போர் வாயில் காதை வைத்தால் தண்ணீர் சொரிகிற சத்தம்கூடக் கேட்கும். இந்த நிலையில் புது மோட்டாரை இறக்கினால் அதுவும் அதே ஓட்டையில்தான் தண்ணீர் ஊற்றும். ஒரு பைப்பை மாற்றினால் தீர்கிற வேலை இது.

ஆம்பியரும் தண்ணீரும் சேர்ந்து குறைந்தால் போரில் மட்டம் இறங்கிவிட்டது என்று அர்த்தம், குறிப்பாகத் தண்ணீரோடு காற்றும் வந்தால். அங்கே பெரிய மோட்டார் போடுவது கெடுதல்தான் செய்யும். தண்ணீர் குறையாமல் ஆம்பியர் மட்டும் ஏறினால் வோல்டேஜைப் பாருங்கள். 340க்குக் கீழே இறங்குகிற கடைக்கோடி லைனில் மோட்டார் அதே வேலைக்குக் கூடுதல் ஆம்பியர் இழுக்கும், சூடேறும், காயில் போகும். மூன்று பேஸிலும் ஆம்பியர் சமமாக இல்லாவிட்டாலும் இதே கதிதான். நல்ல ஓவர்லோடு ரிலேயும், பேஸ் போனால் நிறுத்துகிற பிரிவென்டரும் இல்லாத இடத்தில் புது மோட்டாருக்கு மூன்று வருடம் என்று நான் போட்ட கணக்கு நிற்காது. பேஸ் குறைந்தாலும் மோட்டார் ஓட வேண்டும் என்று ரிலேயைக் கட்டிவைக்கிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஒரு காயில் செலவை நாமே கூப்பிட்டு உட்காரவைப்பது போன்றது அது.

ஆள் கூலியைச் சேர்த்தால் கணக்கு புரண்டுவிடும்

இதுவரை மடை திருப்புகிற ஆளைக் கணக்கில் எடுக்கவில்லை. எட்டு மணி நேரத்துக்கு 500 ரூபாய் கூலி என்றால் மணிக்கு 62 ரூபாய் 50 காசு. மோட்டாரின் மணிச் செலவு 18. ஆளின் மணிச் செலவு அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். வீட்டு ஆளே மடை மாற்றினாலும் அந்த நேரத்துக்கு வேறு வேலை இருக்கிறது என்றால் இந்தக் கூலி உண்மையான செலவுதான்.

இலவச மின்சாரத்தில், கூலியோடு சேர்த்து ஏக்கருக்கு ஒரு தண்ணீர்: பழைய மோட்டாரில் சுமார் 1,410, புது 5 எச்.பி.யில் 1,375, புது 7.5 எச்.பி.யில் 1,050. நேரம் குறைகிறதால் பெரிய செட் ஏக்கருக்கு 360 ரூபாய் வரை மிச்சப்படுத்துகிறது. மும்முனை மின்சாரம் வருகிற நேரத்துக்குள் தண்ணீர் கட்டி முடிக்க வேண்டியவருக்கு இது இன்னும் முக்கியம்.

ஆனால் இது போர் நொடிக்கு 6 லிட்டர் கொடுத்தால் மட்டும். கொடுக்குமா என்று தெரிந்துகொள்ள வாடகைக்கு ஒரு பெரிய மோட்டாரை இறக்கி, கோடையில் தொடர்ந்து ஐந்தாறு மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் சோதித்தால் போர் நல்ல பேர் வாங்கிக்கொண்டு கோடையில் கைவிடும். கூடுதலாக இறைக்கும்போது மட்டமும் கூடுதலாக இறங்கும் என்பதால், 60 மீட்டர் 75 ஆகிவிட்டால் 6 லிட்டர் என்று போட்ட கணக்கே செல்லாது. சந்தேகம் இருந்தால் 5 எச்.பி.தான் பாதுகாப்பு.

இன்னொரு வழி உண்டு. மோட்டாரைத் தொடாமல் மண் வாய்க்காலை எடுத்துவிட்டு பி.வி.சி. பைப் பதிப்பது. வழியில் போகிற ஐந்தில் ஒரு பங்கு மிச்சமானால் பதினேழரை மணி நேரம் 14 ஆகிறது. அதே பழைய மோட்டார், அதே 18 ரூபாய். ஏக்கருக்கு 252 ரூபாய், கூலி 875, மொத்தம் 1,127. புது 5 எச்.பி. போட்டு வாய்க்காலை அப்படியே விட்டால் வருகிற 1,375ஐ விட இது மலிவு. 57 ஏக்கர்-தண்ணீருக்கு ஆண்டில் 200 மணி நேரம், கூலியும் சேர்த்து ஏறக்குறைய 16,000 ரூபாய் மிச்சம். பைப்புக்கும் பள்ளத்துக்கும் 40,000 ஆனாலும் இரண்டரை வருடத்தில் திரும்பிவிடும். கையில் இருப்பது ஒரு வேலைக்கான பணம் மட்டும் என்றால், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும் வரை பைப்புக்குத்தான் முதலில் போடச் சொல்வேன்.

உங்கள் வாய்க்கால் எவ்வளவு குடிக்கிறது என்பதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. கடைசிப் பாத்தி ஒன்றை வாய்க்கால் வழியாக நிரப்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். பம்பிலிருந்து நேராக ஓஸ் விட்டு, அடுத்த தண்ணீருக்கு, அதே அளவு காய்ந்த நிலையில், அதே பாத்தியை நிரப்பிப் பாருங்கள். களிமண்ணில் வித்தியாசம் சிறிதாக இருக்கும், அங்கே பைப் அவசரமில்லை. செம்மண், மணல் கலந்த நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்று நான் வைத்ததைத் தாண்டிப் போகலாம்.

இணைப்பே இல்லாதவருக்கு

மின் இணைப்புக்குப் பதிந்துவிட்டுக் காத்திருப்பவர் டீசலையும் சோலாரையும் பார்க்கிறார். டீசல் இன்ஜினோடு வருகிற பம்பு உறிஞ்சி இழுக்கிற வகை. தண்ணீர் பம்புக்குக் கீழே 20, 25 அடிக்குள் இருந்தால்தான் வேலை செய்யும். அதனால் 180 அடி போருக்கு அது ஆகாது. மட்டம் மேலே இருக்கிற கிணற்றிலும் வாய்க்காலிலும் வைத்துப் பார்த்தால், 5 எச்.பி. இன்ஜின் மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் டீசல் குடிக்கும். டீசல், ஆயில், தேய்மானம், ரிப்பேர் சேர்த்து மணிக்கு 125 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். கேட்க அதிகமாகத் தெரியும். ஆனால் அந்த ஆழத்தில் அது நொடிக்கு 12 லிட்டர் இறைத்தால் ஆறு மணி நேரத்துக்குள் ஒரு ஏக்கர் முடியும், செலவு 730 ரூபாய்க்குள் அடங்கும். போர் மோட்டாரை ஜெனரேட்டரில் ஓட்டுவது வேறு கதை. மணிக்கு இரண்டரை லிட்டர், லிட்டர் 93 ரூபாய் என்றால், பதினேழரை மணி நேரத்துக்கு டீசல் மட்டுமே 4,000 ரூபாயைத் தாண்டும். காயப்போகிற பயிரை ஒருமுறை காப்பாற்ற மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

சோலாரில் எரிபொருள் கிடையாது, ஆண்டுச் செலவு மட்டும்தான். 4 லட்சம் மதிப்புள்ள 5 எச்.பி. செட்டுக்கு 60 சதவீத மானியம் போக 1 லட்சத்து 60 ஆயிரம் கையிலிருந்து போட்டால், 15 ஆண்டுத் தேய்மானமும் வட்டியும் ரிப்பேரும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 25,700 ரூபாய். 57 ஏக்கர்-தண்ணீருக்குப் பிரித்தால் 450. ஒரு போகம் மட்டும் போடுகிறவருக்கு இதுவே 900 ஆகும், ஏனென்றால் பேனல் சும்மா நின்றாலும் செலவு நிற்காது.

சோலாரில் பார்க்க வேண்டிய இன்னொன்று நேரம். உச்சி வெயிலில் நொடிக்கு 4 லிட்டர் வந்தாலும் காலையும் மாலையும் சேர்த்துச் சராசரி 3தான் என்றால், ஒரு ஏக்கருக்கு 23 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாளைக்கு ஆறு மணி நேரம் ஓடுகிற செட்டில் 3 ஏக்கரைச் சுற்றி வர 12 நாள். வெயில் காலத்தில் லேசான மண்ணில் மல்லாட்டை அவ்வளவு நாள் தாங்காது. இரண்டு ஏக்கருக்கு அளவாகப் பயிர் வைப்பதோ, சொட்டு நீருக்கு மாறுவதோ செய்தால் சோலார் நன்றாக ஒத்துவரும்.

தட்கல் திட்டத்தில் 5 எச்.பி. இணைப்புக்கு 2.5 லட்சம் கட்டுகிறவர் அந்தப் பணத்தின் வட்டியை இதே கணக்கில் சேர்க்க வேண்டும். 10 சதவீதத்தில் ஆண்டுக்கு 25,000, ஏக்கர்-தண்ணீருக்கு 440. மோட்டார் செலவு 280ஐச் சேர்த்தால் 720. சோலாரின் 450ஐ விட அதிகமாகத் தெரிகிறது. ஆள் கூலியையும் சேர்த்துப் பாருங்கள்: தட்கலில் சுமார் 1,815, சோலாரில் 1,910. கூலி ஆள் வைக்காமல் தானே மடை மாற்றுகிறவருக்கு சோலார் மலிவு. ஆள் வைத்து, 3 ஏக்கரையும் இடைவெளி விடாமல் நனைக்க வேண்டியவருக்கு தட்கல் இணைப்பே ஒத்துவரும்.